53 கழித்தல் 27: ஒரு பாடவேளைக்கான திட்டம்

ஆசிரியர் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பாடக்குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். 'நோக்கம்' என்ற இடத்தில் பெரும்பாலும் இப்படி எழுதியிருக்கும்: "மாணவர்கள் கழித்தலைப் பற்றி அறிந்துகொள்வர்." அதற்குக் கீழே அறிமுகம், செயல்பாடு, தொகுத்தல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். மணி அடித்த பிறகு, நோக்கம் நிறைவேறியதா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. பிள்ளைகள் 'அறிந்துகொண்டதை' எங்கே போய்ப் பார்ப்பது?

1962-இல் ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர், பாட நோக்கத்தை எழுதுவது எப்படி என்பதற்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். அவர் கேட்டவை மூன்று. மாணவர் என்ன செய்து காட்ட வேண்டும்? எந்த நிலைமையில்? எவ்வளவு சரியாகச் செய்தால் போதும்? தொடக்கநிலைக் கணக்கு வகுப்புக்கு இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். ஓர் உண்மையான பாடத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் ஆசிரியர்களை அதிகம் திணறடிக்கும் பாடம், இனமாற்றத்துடன் கழித்தல். நம் தலைமுறையில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றோம்.

நோக்கத்தை இப்படி எழுதலாம்: "ஒன்றுகள் போதாத ஈரிலக்கக் கழித்தல் கணக்குகள் இரண்டை, குச்சிகளின் உதவியில்லாமல், தாளில் மேலும் கீழுமாக எழுதி, இரண்டையும் சரியாகச் செய்வர்." இதில் எதைச் சேர்க்கவில்லை என்பதும் முக்கியம். 50 − 27 போல மேலே சுழியம் வருவது இன்று இல்லை. மூன்று இலக்கமும் இல்லை. முதல் நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட நினைப்பதுதான் புதியவர்களின் குறிப்பேடு 40 நிமிடத்துக்குள் அடங்காமல் போவதற்கு முதல் காரணம்.

நோக்கத்தை எழுதியதும் அடுத்து எழுத வேண்டியது அறிமுகம் அல்ல. வகுப்பு முடியும் நேரத்தில் பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகும் துண்டுச்சீட்டின் கணக்குகளை முதலில் எழுதிவிட வேண்டும். இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் தோன்றும் கணக்கு 52 − 27 என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 25. தவறு செய்யும் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். எப்படி வந்தது 35? ஒரு பிள்ளை, மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல், பெரிய 7-இலிருந்து சின்ன 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கும். பிறகு 5-இலிருந்து 2 போக 3. இன்னொரு பிள்ளை ஒரு பத்தைச் சரியாகப் பிரித்து, 12-இலிருந்து 7 போக 5 என்று போட்டிருக்கும். ஆனால் பத்துகளில் ஒன்று குறைந்துவிட்டதை மறந்து, 5-இலிருந்து 2 போக 3 என்று எழுதியிருக்கும். இரண்டு பேர் சீட்டிலும் 35தான். முதல் பிள்ளைக்குப் பாடமே இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு முக்கால்வாசி வந்துவிட்டது. சீட்டைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

இப்போது ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 53 − 27. சரியான விடை 26. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்த பிள்ளை 34 என்று எழுதும். பத்தைக் குறைக்க மறந்த பிள்ளை 36 என்று எழுதும். விடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுகளின் இடத்தில் உள்ள இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் மட்டுமே இரண்டு தவறுகளும் ஒரே விடையில் போய் முடியும். ஆகவே அந்த 5-ஐத் தவிர்த்துவிட்டு எண்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். கையில் கிடைத்த எண்ணைக் கரும்பலகையில் எழுதும் பழக்கமுள்ளவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. இந்த மாதிரித் தவறுகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, பிள்ளைகள் தமக்குள் வைத்திருக்கும் ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டினார்கள்.

ஆகவே சீட்டில் மூன்று கணக்குகள்: 53 − 27, 61 − 34, 68 − 25. மூன்றாவதில் பத்தைப் பிரிக்கத் தேவையே இல்லை. அதை வேண்டுமென்றேதான் வைக்கிறோம். புதிதாகக் கற்றதை எங்கும் பயன்படுத்தத் துடிக்கும் பிள்ளை அங்கேயும் ஒரு பத்தைப் பிரித்து, 18-இலிருந்து 5 போக 13 என்று எழுதி, விடையை 313 ஆக்கிவிடும்.

சீட்டுக்கு 5 நிமிடம். மீதி 35 நிமிடத்தை இதிலிருந்து பின்னோக்கிப் பங்கிட வேண்டும். தாளில் தனியாகச் செய்ய வேண்டுமென்றால், அதற்கு முன் தாளில் இரண்டு கணக்கு செய்து பழகியிருக்க வேண்டும். அதற்கு 8 நிமிடம். பழகுவதற்கு முன், கையால் செய்ததை எண்ணாக எழுதுவது எப்படி என்று பார்த்திருக்க வேண்டும், 10 நிமிடம். எழுதுவதற்கு முன் கையால் செய்திருக்க வேண்டும், 12 நிமிடம். எல்லாவற்றுக்கும் முன்னால், பாடம் எதன்மேல் நிற்கிறதோ அது இருக்கிறதா என்று பார்க்க 5 நிமிடம்.

அந்த முதல் 5 நிமிடத்தைப் பாட்டுக்கும் கதைக்கும் கொடுத்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பாடத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு: 13-இலிருந்து 7 போன்ற சிறு கழித்தல், 42 என்பது 4 பத்தும் 2 ஒன்றும் என்ற இடமதிப்பு. நான்கைந்து வாய்க்கணக்கு கேட்டால் முதலாவது தெரிந்துவிடும். இரண்டாவதற்கு, நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் தூக்கிக் காட்டி எத்தனை என்று கேட்க வேண்டும். பிறகு எல்லோரும் பார்க்க ஒரு கட்டை அவிழ்த்துவிட்டு, இப்போது எத்தனை என்று கேட்க வேண்டும். மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும் சேர்ந்தாலும் 42தான் என்று உடனே சொல்பவர்கள் தயார். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குபவர்கள் யார் யார் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். குச்சி வேலையின்போது அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த 12 நிமிடம் குச்சிகளுக்கு. 28 பேர் வகுப்பென்றால் நான்கு நான்கு பேராக 7 குழுக்கள். ஒரு குழுவுக்கு 42 ஈர்க்குச்சிகள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டும் இரண்டு உதிரியும். மொத்தம் 294 குச்சிகள். இவற்றை முதல் நாளே பிள்ளைகளை வைத்துக் கட்டிவிட வேண்டும். வகுப்பு நேரத்தில் கட்டத் தொடங்கினால் பாடவேளை அதிலேயே போய்விடும். குறிப்பேட்டில் "செயல்பாடு: 12 நிமிடம்" என்று எழுதுபவர்கள், குச்சியைக் கொடுக்க 2 நிமிடமும் திரும்ப வாங்க 1 நிமிடமும் அதற்குள்ளேயே போகும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உண்மையில் பிள்ளைகள் கையில் இருப்பது 9 நிமிடம்தான்.

வேலை இது: 42 குச்சியிலிருந்து 18-ஐ எடுத்து என்னிடம் கொடுங்கள். ஒரு கட்டைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு எட்டு உதிரி தேவை, இருப்பது இரண்டு. அங்கே எல்லாக் குழுவும் சற்று நிற்கும். ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய இடம் இதுதான். ஏதாவது ஒரு குழு கட்டை அவிழ்க்கும். அவிழ்த்ததைப் பார்த்து அடுத்த குழுவும் அவிழ்க்கும். ஒரு நிமிடம் கழிந்தும் யாரும் அசையவில்லையென்றால், "உங்களிடம் இருப்பது இரண்டு உதிரிதானா?" என்று மட்டும் கேட்கலாம். "2-இல் 8 போகாது" என்று சொல்லிப் பழக்க வேண்டாம். ஒன்றுகள் போதவில்லை, எங்கிருந்து எடுக்கலாம் என்பதுதான் கேள்வி. மேல் வகுப்பில் குறை எண்கள் வரும்போது, 'போகாது' என்று சொல்லிக் கொடுத்ததையே திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

பத்து நிமிட எழுத்துப் பகுதியில்தான் பெரும்பாலான வகுப்புகள் வழி தவறுகின்றன. குச்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கரும்பலகையில் வேறொரு புதுக் கணக்கை எழுதித் தொடங்குவார்கள். கையால் செய்ததற்கும் எண்ணால் செய்வதற்கும் உள்ள தொடர்பு அங்கேயே அறுந்துபோகும். அதே 42 − 18-ஐத்தான் எழுத வேண்டும். இடது பக்கம் நான்கு நீளக் கோடுகளும் இரண்டு புள்ளிகளும் வரையுங்கள். வலது பக்கம் எண்கள். ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி வைத்த கணமே, வலது பக்கத்தில் 4-ஐ அடித்து 3 என்றும், 2-ஐ அடித்து 12 என்றும் எழுத வேண்டும். புள்ளிகளில் எட்டை அடித்ததும் கீழே 4. கோட்டில் ஒன்றை அடித்ததும் 2. விடை 24. படத்தில் ஓர் அசைவு, எண்ணில் ஓர் அசைவு. இதை ஒரு முறை ஆசிரியர் செய்து காட்டி, மறுமுறை பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதினால் பத்து நிமிடம் சரியாக இருக்கும்.

பிறகு பயிற்சிக்கு 34 − 16, 82 − 45. சிலர் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைச் சீண்டுவார்கள். அவர்களுக்குப் பெரிய எண்கள் கொடுப்பதால் பயனில்லை. "விடை 19 வர வேண்டும், ஒரு கட்டையும் அவிழ்த்தாக வேண்டும், அப்படி ஒரு கணக்கை நீயே உண்டாக்கு" என்று சொல்லுங்கள். தமிழகத்தில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கிறார்கள். மலர் நிலையில் இருப்பவருக்கு இந்த மாதிரித் தலைகீழ்க் கேள்வி பொருந்தும். வாய்க்கணக்கில் தடுமாறியவர்கள் இந்த 8 நிமிடமும் குச்சியை வைத்துக்கொண்டே செய்யட்டும்.

நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஒரு ரப்பர் பேண்ட் அறுந்து குச்சி சிதறும், தலைமையாசிரியர் வருகைப்பதிவு கேட்டு ஆள் அனுப்புவார். அப்போது எதை விடுவது என்று குறிப்பேட்டிலேயே முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டும். பயிற்சிக் கணக்கு இரண்டில் ஒன்றை விடலாம். சீட்டை விடக்கூடாது. குறிப்பேட்டின் வலது ஓரத்தில், '17-ஆவது நிமிடம்: குச்சி திரும்ப வந்திருக்க வேண்டும்' என்று கடிகாரத்தைப் பார்க்கும் இடத்தை மட்டும் குறித்தால் போதும். நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைத்தால் வகுப்பில் அதைப் படிக்க நேரமிருக்காது.

பள்ளி விட்டதும் 28 சீட்டையும் மேசைமேல் பிரித்து அடுக்க அதிக நேரம் ஆகாது. 53 − 27-ஐ மட்டும் பாருங்கள். 26 எழுதியவர்கள் ஓர் அடுக்கு. 34 எழுதியவர்கள் நாளை மறுபடி குச்சிக்குப் போக வேண்டும். அவர்களுக்கு இன்னும் நிறைய எழுத்துக் கணக்கு கொடுத்தால் தவறான விதிதான் உறுதிப்படும். 36 எழுதியவர்களுக்குக் குச்சி வேண்டாம். கோடும் புள்ளியும் வரைந்து, அடித்த கோட்டைத் தாங்களே சுட்டிக்காட்டி எண்ணை மாற்றும் பழக்கம் நாலைந்து கணக்கில் வந்துவிடும். 25, 27 என்று அருகில் வந்து நின்றவர்களுக்கு இனமாற்றம் புரிந்திருக்கிறது, 13-இலிருந்து 7 கழிப்பதில்தான் விரல் தடுமாறியிருக்கிறது. அவர்களுக்கு நாளைக் காலை வாய்க்கணக்கு.