தஞ்சாவூரில் குழையும் பருப்பு ஊட்டியில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டுப் பாருங்கள். உலை தளதளவென்று கொதிக்கும். தஞ்சாவூரில் குழைந்துவிடும் நேரத்தில் இங்கே விரலால் நசுக்கினால் நடுவில் நறுக்கென்று இருக்கும். பருப்பு பழசோ?

இல்லை. கொதிக்கிற தண்ணீரில்தான் சூடு குறைவு.

நம் தலைக்கு மேலுள்ள காற்றை, உலைமேல் வைத்த கனத்த தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவிக்குமிழி அதைத் தள்ளி எழுந்தால்தான் கொதி. டெல்டாவில் தட்டு முழுக் கனம். கொதிநிலை ஏறக்குறைய 100 டிகிரி. சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தட்டின் கனம் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

தீயைக் கூட்டலாமே? தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது.

முட்டை தப்பிவிடும், வெள்ளைக்கரு 80 டிகிரிக்கே இறுகும், கூடுதலாகச் சில நிமிடம் போதும். அரிசியும் வெந்துவிடும், நேரமும் தண்ணீரும் கொஞ்சம் கூடும். பருப்புதான் வம்பு: அதன் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைய நல்ல சூடு வேண்டும்.

குக்கரின் வெயிட், குறைந்துபோன கனத்தைத் திருப்பி வைக்கிறது. உள்ளே சூடு 115 டிகிரியைத் தாண்டும். தஞ்சையைவிட ஓரிரு விசில் கூட விடுங்கள்.