மானிட்டர் புதுசு... ஆனா கேம் திக்குதே, ஏன்?

ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப்புக்கு, நண்பர் ஒருவர் ஆசையாக 4கே மானிட்டர் வாங்கினார். படம் பார்க்க அருமை. கேமைத் திறந்ததும் போன் வந்தது: "மச்சான், முன்னாடி சூப்பரா ஓடுச்சுடா, இப்போ ஸ்லைடு ஷோ மாதிரி இருக்கு!"

மானிட்டரில் கோளாறு இல்லை. கணக்குதான் இடிக்கிறது. ஃபுல் ஹெச்டி திரையில் (1920 x 1080) சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே-யில் (3840 x 2160) சுமார் 83 லட்சம். அதாவது, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். ஃபுல் ஹெச்டியில் நொடிக்கு 60 ஃப்ரேம் தந்த கேம், 4கே-யில் 20-ஐ ஒட்டி இறங்கினால் ஆச்சர்யமில்லை. வீடியோ பார்ப்பதில் இந்தச் சுமை கிடையாது. அதனால்தான் படம் மட்டும் ஜம்முனு ஓடுகிறது.

சரி, இந்த கார்டுக்கு எது பொருந்தும்? 24 இன்ச் ஃபுல் ஹெச்டி போதும். அதே ரெசல்யூஷனை 27 இன்ச்சில் எடுத்தால் புள்ளிகள் பெரிதாகி, எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும்.

அடுத்து ரெஃப்ரெஷ் ரேட். 144 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும். ஆனால், கார்டு 60 ஃப்ரேம்தான் தருகிறது என்றால் கண்ணுக்குத் தெரிவதும் அந்த 60தான். வேலரண்ட் மாதிரி இலகுவான கேம் ஆடுபவர்களுக்கு இந்த கார்டே 100-ஐத் தாண்டித் தரும். அவர்களுக்கு 144 ஹெர்ட்ஸ் பிரயோஜனம். கனமான கதை கேம் மட்டும் ஆடுபவர்கள் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பேனல் வகை உங்கள் அறையையும் வேலையையும் பொறுத்தது. ஐபிஎஸ்-ஸில் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. போட்டோ எடிட்டிங்குக்கு அதுதான் சரி. ஆனால், இருட்டு அறையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். விஏ-வில் கறுப்பு நல்ல கறுப்பு. ஆனால், இருண்ட காட்சியில் வேகமாக நகரும் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுபடலாம்.

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இப்போதுள்ள மானிட்டரில் கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறினால், உங்கள் கார்டு ஏற்கெனவே மூச்சு வாங்குகிறது. பெரிய ரெசல்யூஷன் வேண்டாம். ஏறவே இல்லையென்றால், பெரும்பாலும் தடை பிராசஸரில் இருக்கிறது. கார்டுக்கு இன்னும் தெம்பு உண்டு.

வாங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பிறகு விண்டோஸில் Settings > System > Display > Advanced display போய்ப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அங்கே 60-லேயே நிற்பது அடிக்கடி நடக்கும். நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

நண்பர் இப்போது கேமை மட்டும் ஃபுல் ஹெச்டிக்கு இறக்கி ஆடுகிறார். படம் லேசாக மங்கல்தான். "அடுத்து கார்டு வாங்கணும்டா" என்கிறார். அது மானிட்டரைவிடப் பெரிய செலவு!