பூவைப் பறிக்காம வாசனையை மட்டும் எடுக்கிறது எப்படி?

போன வாரம் ஒரு மால்ல பெர்ஃப்யூம் வாங்கப் போயிருந்தேன். ஒரு டப்பாவுல “செடியில் இருக்கும் பூவின் வாசனை”ன்னு போட்டிருந்துச்சு. கடைப் பையன்கிட்ட கேட்டா, “இதுக்குப் பூவையே பறிக்கலை சார்”னு பெருமையா சொன்னான். அப்போ பாட்டிலுக்குள்ள இருக்கிறது என்ன? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

இதுக்குப் பேரு ஹெட்ஸ்பேஸ். தியான ஆப் இல்லைங்க. பாட்டில்ல திரவத்துக்கு மேல, மூடி வரைக்கும் காத்து மட்டும் இருக்கிற இடத்தை வேதியியல்ல அப்படித்தான் சொல்வாங்க. பூவைச் சுத்தி நிக்கிற காத்துக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க.

ரோஜாவைப் பறிச்சு எண்ணெய் எடுத்தா போதாதான்னு தோணும். ரோஜா வாசனையில ஃபீனைல் எத்தில் ஆல்கஹால்னு முக்கியமான ஒரு பொருள் இருக்கு. பூவை நீராவியில வடிக்கும்போது அதுல பெரும்பகுதி தண்ணியில கரைஞ்சு பன்னீரோட போயிடும். அதனால வடிச்ச எண்ணெய் பூ மாதிரியே மணக்காது. அதுவும் போக, பறிச்ச பூ மாறிக்கிட்டே இருக்கும். ஐஎஃப்எஃப் நிறுவனத்துல இருந்த, இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் பிரஜா முகர்ஜி, செடியில இருக்கிற பூவோட வாசனையையும் பறிச்ச பூவோட வாசனையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணா இல்லை. பச்சை இலை வாசனை தர்ற மாதிரியான பொருள்களோட அளவே மாறியிருந்தது.

சரி, எப்படிப் பிடிப்பாங்க? செடியில இருக்கிற பூ மேலயே ஒரு கண்ணாடிக் குமிழைக் கவிழ்ப்பாங்க. ஒரு சின்ன பம்ப் அந்தக் காத்தை மெதுவா உறிஞ்சும். வழியில டெனாக்ஸ்னு ஒரு பொடி அடைச்ச குழாய் இருக்கும். வாசனை மூலக்கூறுகள் அதுல ஒட்டிக்கும். சில மணி நேரம் ஓடினாலும் கிடைக்கிறது மிகச் சொற்பம். அப்புறம் குழாயைச் சூடாக்கி அதையெல்லாம் கேஸ் க்ரோமட்டோகிராஃபுக்குள்ள அனுப்புவாங்க. பல மீட்டர் நீளமுள்ள, சுருட்டி வெச்ச மெல்லிய குழாய் அது. மூலக்கூறுகள் ஒவ்வொண்ணும் வேற வேற நேரத்துல வெளிய வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எது என்னன்னு அடையாளம் காட்டும்.

இங்கதான் ஒரு பக் ஒளிஞ்சிருக்கு. டெனாக்ஸ் சிதையும்போது பென்சால்டிஹைடு உருவாகலாம். பாதாம் எசன்ஸ்ல வர்ற வாசனை அது, நிறைய பூக்கள்லயும் இயற்கையாவே இருக்கு. அப்போ ரிசல்ட்ல வந்தது பூவோடதா, கருவியோடதா? அதுக்காகவே பூ இல்லாத காலிக் குமிழை அதே நேரம் ஓட்டிப் பார்ப்பாங்க. காலிக் குமிழ்லயும் அதே அளவு வந்தா பூவைக் குத்தம் சொல்ல முடியாது. நம்ம டெஸ்டிங்ல பேஸ்லைன் எடுக்கிறோமே, அதேதான்.

இப்போ எனக்குப் பிடிச்ச கேஸ். 1998 அக்டோபர்ல ‘ஓவர்நைட் சென்ட்சேஷன்’னு ஒரு குட்டி ரோஜாச் செடி டிஸ்கவரி விண்கலத்துல மேல போச்சு. 77 வயசு ஜான் க்ளென் போன அதே பயணம். அங்க குமிழும் பம்ப்பும் வெக்க இடமில்லை. அதனால ஊசிக்குள்ள இருக்கிற ஒரு மெல்லிய இழையைப் பயன்படுத்தினாங்க. அந்த இழை மேல வாசனையைப் பிடிச்சுக்கிற ஒரு பூச்சு இருக்கும். அதைப் பூ பக்கத்துல நீட்டி வெச்சு, திரும்ப உள்ள இழுத்துக்குவாங்க. வேலை அவ்வளவுதான். மண்ணுக்குத் திரும்பின பிறகு ஆராய்ந்து பார்த்தா, விண்வெளியில செடி மொத்தமாவே வாசனையைக் குறைவா விட்டிருந்தது. ஆனா விகிதம் மாறியிருந்தது. பச்சை வாசம் தூக்கலா இருந்த ரோஜா, அங்க வேற ஒரு மலர் வாசனையா மாறியிருந்தது. அந்தக் குறிப்பை ஷிசைடோவோட ‘ஜென்’ பெர்ஃப்யூம்ல பயன்படுத்தினாங்க.

ஆனா லிஸ்ட் கிடைச்சதும் பெர்ஃப்யூம் ரெடின்னு நினைச்சுடாதீங்க. கிராஃப்ல உயரமா நிக்கிறதுதான் மூக்குல பலமா அடிக்கும்னு இல்லை. ரோஜா எண்ணெயில பீட்டா-டமாஸ்செனோன் 0.2 சதவீதம்கூட இருக்காது, ஆனா ரோஜா வாசனைக்கு அது பெரிய பங்கு தருது. இது மாதிரி விஷயம் தப்பிடக் கூடாதுன்னுதான் குழாயோட முடிவுல ஒரு மனுஷன் மூக்கை வெச்சு, வர்றதை ஒவ்வொண்ணா மோந்து குறிச்சுக்குவார். அப்புறம்தான் பெர்ஃப்யூமர் உட்காருவார். லிஸ்ட்ல இருக்கிற ஒரு பொருள் கடையில கிடைக்காம போகலாம், விலை எட்டாம இருக்கலாம், விதிமுறை தடுக்கலாம். அப்போ பக்கத்துல வர்ற வேற ஒண்ணைப் போட்டு, கலந்து, மோந்து, மறுபடி கலப்பார். தோல்ல நாள் முழுக்க நிக்கணும்னா கனமான மூலக்கூறுகளையும் சேர்க்கணும். பூவைச் சுத்தின காத்துல அதெல்லாம் பெருசா இருக்கவே இருக்காது.

அதனால கடைப் பையன் பொய் சொல்லலை. பூவைப் பறிக்கலை, சரிதான். அந்தப் பூவுலேர்ந்து ஒரு சொட்டுகூட பாட்டிலுக்குள்ள வரலைங்கிறதை மட்டும் அவன் சொல்லலை. நான் வாங்கினேனான்னு கேக்கறீங்களா? டெஸ்டரை மணிக்கட்டுல அடிச்சுக்கிட்டு, ஃபுட் கோர்ட்ல ஒரு மணி நேரம் கழிச்சு மோந்து பார்த்தேன். பூ போயிருந்துச்சு, மஸ்க் மட்டும் நின்னுச்சு. வாங்கலை.