26-ஆம் எண் மாணவர் எங்கே போனார்?

வகுப்பில் 60 பேர். மாணவர் விவரங்களைச் சேமிக்கும் சி புரோகிராமில் ஒருவர் விடாமல் 60 பேரையும் ஏற்றியாயிற்று. பட்டியலைக் காட்டச் சொன்னால் 25 பேர் வரிசையாக வருகிறார்கள், அதோடு சரி. எரர் எதுவும் இல்லை. ஃபைலின் அளவைப் பார்த்தால் 60 பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. பிறகு ஏன் 26-ஆம் ஆள் வரவில்லை?

கம்ப்யூட்டர் பாடம் எடுத்த மாணவர்கள் பெரும்பாலும் ஒருமுறையாவது எழுதியிருக்கும் அசைன்மென்ட் இது. திரையில் ஒரு மெனு வரும்: 1 சேர்க்க, 2 பட்டியல், 3 தேட, 4 திருத்த, 5 நீக்க, 6 வெளியேற. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் சி மொழித் தாளின் கடைசி இரண்டு அலகுகள் ஸ்ட்ரக்சர், ஃபைல் ஆகியவைதான். இரண்டையும் ஒன்றாகச் சோதிக்க இதைவிட வசதியான கணக்கு கிடையாது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது மெனு. ஆனால் இந்த புரோகிராம் நிற்பதும் விழுவதும் பைட் கணக்கில்தான்.

நாற்பது பைட் மாணவர்

ஒரு மாணவருக்கு எண் உண்டு, பெயர் உண்டு, மதிப்பெண் உண்டு. மூன்றையும் தனித்தனியாக வைக்காமல் ஒரே பொருளாகக் கட்டி வைப்பதுதான் ஸ்ட்ரக்சர்.

```c
struct student {
    int   roll;
    char  name[30];
    float mark;
};
```

1972-இல், இந்த வசதி சி மொழிக்கு வருமுன், யூனிக்ஸ் இயங்குதளத்தை சி-யில் எழுதிப் பார்க்க முயன்றார் கென் தாம்சன், முடியாமல் விட்டுவிட்டார். ஸ்ட்ரக்சர் வந்த பிறகு, 1973 கோடையில், அவரும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் அதே வேலையை முடித்தார்கள்.

இந்த மாணவர் எத்தனை பைட்? எண்ணுக்கு 4, பெயருக்கு 30, மதிப்பெண்ணுக்கு 4. மொத்தம் 38 என்றுதான் யாரும் கூட்டுவோம். ஆனால் ஜிசிசி கம்பைலரில் `sizeof` கேட்டால் 40 என்று வருகிறது. 4 பைட் எண்கள் நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்கினால் பிராசசருக்கு வசதி. எண்ணும் பெயரும் சேர்ந்து 34 பைட்டில் முடிகின்றன. 34 நான்கால் வகுபடாது. எனவே கம்பைலர் 2 பைட்டைக் காலியாக விட்டு, 36-இல் மதிப்பெண்ணைத் தொடங்குகிறது.

இந்த 40 என்ற எண்ணில்தான் முழு வசதியும் இருக்கிறது. `fwrite` ஒவ்வொரு மாணவரையும் 40 பைட்டாக அப்படியே ஃபைலில் இறக்குகிறது. 60 பேருக்கு 2400 பைட். ஒரே நீளமுள்ள ரயில் பெட்டிகளில் 17-ஆவது எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல, முதல் 16 பேரைப் படிக்காமலே நேராக 17-ஆவது மாணவரிடம் போய்விடலாம்.

```c
fseek(fp, (k - 1) * (long)sizeof s, SEEK_SET);
fread(&s, sizeof s, 1, fp);
```

`k` 17 என்றால் 640-ஆவது பைட்டிலிருந்து படிப்பு தொடங்கும். திருத்துவதும் இப்படித்தான்: படித்து, மாற்றி, அதே இடத்தில் எழுத வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். படித்து முடித்ததும் ஃபைலில் நாம் நிற்கும் இடம் 40 பைட் தள்ளி, அடுத்த மாணவரின் வாசலுக்குப் போயிருக்கும். மறுபடி `fseek` போட்டுப் பின்னால் வராமல் `fwrite` கொடுத்தால், பெரும்பாலும் 18-ஆவது மாணவர் அழிந்து, 17-ஆவது மாணவர் பட்டியலில் இரண்டு முறை வருவார்: ஒன்றில் பழைய மதிப்பெண், மற்றதில் புதியது.

ஃபைலைத் திறக்கும் எழுத்துகள்

ஃபைலை எந்த முறையில் திறக்கிறோம் என்பதை ஓரிரு எழுத்துகள் தீர்மானிக்கின்றன. `"wb"` என்றால் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும். சேர்க்கும் இடத்தில் இதைப் போட்டால், எத்தனை பேரை ஏற்றினாலும் கடைசியாக ஏற்றியவர் மட்டும் மிஞ்சுவார். சேர்க்க வேண்டிய முறை `"ab"`. ஆனால் திருத்துவதற்கு அது உதவாது. `fseek` எங்கே நகர்த்தினாலும் எழுதுவது ஃபைலின் கடைசியில்தான் போய்ச் சேரும். திருத்த `"rb+"` வேண்டும். அதற்கு ஃபைல் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

இந்த `b`-ஐ விட்டுவிட்டதுதான் தொடக்கத்தில் பார்த்த புதிருக்கு விடை. லினக்சில் `b` இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். விண்டோஸில் அப்படியல்ல. `b` இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எழுத்து வடிவ உரை என்று அது எடுத்துக்கொள்ளும். உரையில் 26 என்ற மதிப்புள்ள பைட்டுக்கு, "ஃபைல் இத்தோடு முடிந்தது" என்று டாஸ் காலத்திலிருந்து வரும் ஒரு பொருள் உண்டு. 26-ஆம் மாணவரின் விவரம் தொடங்குவதே அந்த பைட்டில்தான். அதைப் பார்த்ததும் `fread` கடையைக் கட்டிவிடுகிறது.

வேறொரு தடயமும் கிடைக்கும். 10 என்ற பைட் உரையில் வரி முடிவைக் குறிப்பது. அதனால் 10-ஆம் மாணவரை எழுதும்போது விண்டோஸ் அதன் முன்னால் 13 என்ற பைட்டைச் சொருகும். ஃபைல் 2400-க்குப் பதில் குறைந்தது 2401 ஆகிவிடும். அளவு நாற்பதால் மீதமின்றி வகுபடவில்லை என்றாலே சந்தேகப்பட வேண்டியதுதான். எண்ணால் மட்டும் வரும் வம்பும் அல்ல இது. 38.5 மதிப்பெண்ணை `float` ஆக எழுதினால் அதிலும் 26 என்ற பைட் இருக்கிறது. அங்கேயும் பட்டியல் நிற்கும்.

கடைசி மாணவர் இரண்டு முறை வருவதும் அடிக்கடி நடக்கும். `while(!feof(fp))` என்று எழுதுவதால் வரும் வினை அது. ஃபைல் முடியப்போகிறதா என்பது `feof`-க்குத் தெரியாது. முடிந்த பிறகும் படிக்கப் பார்த்துத் தோற்றால்தான் அது ஆம் என்று சொல்லும். அந்தத் தோல்விச் சுற்றில் `s`-இல் பழைய மாணவரே இருப்பதால், மறுபடி அவரே அச்சாகிறார். படிப்பு வெற்றியா என்று `fread`-இடமே கேட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

```c
while (fread(&s, sizeof s, 1, fp) == 1)
    printf("%d %s %.1f\n", s.roll, s.name, s.mark);
```

இனிஷியல் செய்யும் வேலை

மெனுவில் வரும் சிக்கலுக்கு நம் ஊர்ப் பெயர்களே போதும். பெயரை `scanf("%s")` கொண்டு வாங்குகிறார்கள். மாணவர் `S Kumar` என்று தட்டுகிறார். `%s` இடைவெளியைக் கண்டதும் நின்றுவிடும். பெயர் `S` மட்டும். `Kumar` இன்னும் படிக்கப்படாமல் காத்திருக்கிறது. அடுத்து மதிப்பெண் கேட்கும் `%f`, `K` எழுத்தைப் பார்த்து ஒன்றும் எடுக்காமல் திரும்புகிறது. `S` என்ற மாணவர் ஏதோ ஒரு மதிப்பெண்ணோடு ஃபைலுக்குப் போய்விடுகிறார்.

மெனு மறுபடி வருகிறது. தேர்வெண்ணைக் கேட்கும் `%d`-யும் அதே `K`-யில் முட்டி நிற்கிறது. பழைய தேர்வான 1 மாறாததால் மீண்டும் "சேர்க்க" ஓடுகிறது. எண் கேட்கும் இடமும் தோற்கிறது. பெயர் கேட்கும் இடம் `Kumar`-ஐ எடுத்துக்கொள்கிறது. இப்போதுதான் மதிப்பெண்ணுக்காகத் திரை நிற்கிறது. இப்படி ஒரே ஆள் இரண்டு மாணவராகிவிடுகிறார். கேள்விகள் நமக்காகக் காத்திராமல் திரையில் தாவி ஓடினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். முழு வரியையும் `fgets`-ஆல் வாங்கி, எண் வேண்டிய இடத்தில் அந்த வரியிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

```c
fgets(line, sizeof line, stdin);
if (sscanf(line, "%d", &choice) != 1)
    choice = 0;
```

தேர்வெண்ணை 0 ஆக்குவது வெறும் அலங்காரம் அல்ல. தவறான உள்ளீட்டுக்குப் பழைய தேர்வு மீண்டும் ஓடாமல் தடுப்பது அதுதான். பெயருக்கு `fgets` போடும்போது, கடைசியில் ஒட்டிவரும் என்டரையும் நீக்கிவிட வேண்டும்.

நீக்குவது சுற்றுவழி. ஃபைலின் நடுவிலிருந்து 40 பைட்டை மட்டும் உருவி எடுக்க சி-யில் வழியில்லை. நீக்க வேண்டியவரை விட்டு மற்றவர்களைத் தற்காலிக ஃபைலுக்குப் படியெடுத்து, இரண்டையும் `fclose` செய்து, பழையதை `remove` செய்து, புதியதற்கு `rename` மூலம் பழைய பெயரை வைக்க வேண்டும். விண்டோஸில் `fclose`-ஐ மறந்தால் `remove` தோற்றுப்போகும். நீக்கிய மாணவர் பட்டியலில் அப்படியே இருப்பார்.

லேபில் ஓடியது வீட்டில் ஓடவில்லை

கல்லூரி லேபில் டர்போ சி, வீட்டு லேப்டாப்பில் ஜிசிசி என்ற நிலை பல மாணவர்களுக்கு உண்டு. டர்போ சி-யில் `int` 2 பைட்தான். வழக்கமான அமைப்பில் அது இடையில் காலியிடமும் விடாது. அங்கே ஒரு மாணவர் 2 + 30 + 4, ஆக 36 பைட். 60 பேர் 2160 பைட். இந்த ஃபைலை வீட்டில் திறந்தால் ஜிசிசி 40 பைட்டாக வெட்டிப் படிக்கும். 2160-ஐ 40-ஆல் வகுத்தால் சரியாக 54. ஆறு பேர் காணாமல் போவார்கள், மீதம் எதுவும் இராது.

முதல் மாணவர் எண் 1, பெயர் `Kumar`; இரண்டாமவர் எண் 2, பெயர் `Latha` என்று வைத்துக்கொள்வோம். ஜிசிசி எண்ணுக்காக 4 பைட் எடுக்கும்போது உண்மையான எண்ணின் 2 பைட்டோடு `K`, `u` எழுத்துகளும் சேர்ந்துவிடும். எண் 1967849473 ஆகும். பெயர் `mar` என்று வரும். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் லதாவின் எண்ணும் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் விழுவதால் அது 21 இலக்கத்துக்குப் போய்விடும். பெயரின் தலையில் இரண்டு எழுத்து போய், எண்ணும் மதிப்பெண்ணும் கோடிகளில் வந்தால், ஃபைல் கெடவில்லை. எழுதிய அளவும் படிக்கும் அளவும் வேறு என்று பொருள்.

ஃபைல் வேறு கணினிக்கோ வேறு கம்பைலருக்கோ போக வேண்டும் என்றால் `fprintf` கொண்டு ஒரு மாணவருக்கு ஒரு வரியாக, `1,S Kumar,78.5` என்று உரையாகவே எழுதிவிடலாம். நோட்பேடில் திறந்து கண்ணால் சரிபார்க்கலாம். டர்போ சி எழுதியதை ஜிசிசி தகராறு இல்லாமல் படிக்கும். பதிலுக்கு வரிகளின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் 17-ஆவது மாணவரிடம் நேராகத் தாவ முடியாது. ஒரு மதிப்பெண்ணைத் திருத்தவும் முழு ஃபைலையும் மறுபடி எழுத வேண்டும். 60 பேருக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. ஆகவே வகுப்பு அளவுக்கு உரை ஃபைலே போதும். பைனரி முறையில்தான் எழுத வேண்டும் என்று அசைன்மென்ட் கேட்டால், ஒப்படைக்குமுன் 26 பேரையாவது ஏற்றிப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கென்று மூன்று பேரை மட்டும் ஏற்றிப் பார்க்கும்வரை `b` இல்லாத புரோகிராமும் சரியாகவே ஓடும்.