இரண்டு வேலைகள் கிடைத்தால் எதைத் தெரிவு செய்வது?

காணியை விட்டு வந்த குடும்பங்களில் பிள்ளை ஒருவரின் சம்பளமே பல வீடுகளில் இன்று அடுப்பெரிய உதவுகின்றது. அவ்வாறான ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் கிடைத்தால், கையில் கூடிய காசு வருவதை எடுப்பதே வழக்கம். அது எப்போதும் சரியாக அமைவதில்லை. ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை விளக்குகின்றோம்.

சாதாரண தரம் படித்த இருபத்தொரு வயது மகன் ஒருவருக்கு இரண்டு இடங்களில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒன்று அரிசி ஆலை. நாட்கூலி 2,200 ரூபா. மற்றது ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதி. மாதச் சம்பளம் 32,000 ரூபா, ஒரு நாளும் தவறாது வந்தால் வரவுக் கொடுப்பனவு 3,000 ரூபா.

வருடக் கணக்குப் பாருங்கள்

ஆலையில் மாதம் 24 நாள் வேலை செய்தால் 52,800 ரூபா. இது பெரிதாகத் தெரியும். ஆனால் ஆலை நெல்லோடு சேர்ந்து ஓடுவது. பெரும்போக, சிறுபோக அறுவடைகளை ஒட்டிய ஆறு மாதங்களுக்கு 24 நாளும், மற்றைய ஆறு மாதங்களுக்குப் பத்து நாளும் வேலை கிடைத்தால் வருடத்தில் 204 நாட்கள். வருமானம் 448,800 ரூபா. மாதத்துக்குப் பிரித்தால் 37,400 ரூபாதான்.

தொழிற்சாலையில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,560 ரூபா கழித்த பின், வரவுக் கொடுப்பனவோடு கையில் 32,440 ரூபா வரும். அத்துடன் முதலாளி அந்த நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தனது பணத்தில் கட்ட வேண்டும். மகனின் பெயரில் மாதம் 7,360 ரூபா சேர்கின்றது. கையில் வருவதையும் சேர்வதையும் கூட்டினால் மாதம் 39,800 ரூபா.

ஆனால் சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே எடுக்கலாம். ஆகவே வீட்டில் வட்டிக் கடன் இருந்தால் கையில் வரும் மாதம் 5,000 ரூபா வித்தியாசம் முக்கியமானதே. காணி அலுவலாகப் பிரதேச செயலகத்துக்கு அடிக்கடி போக வேண்டிய குடும்பம், வரவுக் கொடுப்பனவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது. ஒரு நாள் லீவு எடுத்தாலே அது போய்விடும்.

நிலைத்திருக்குமா?

நாட்கூலிக்காரருக்குச் சேமலாப நிதி இல்லை என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. தற்காலிக, நாட்கூலி ஊழியருக்கும் அது உரியது. ஆலை முதலாளியிடம், "என் பெயரைப் பதிவீர்களா?" என்று கேளுங்கள். தொழிற்சாலையிலும் வாய்ப்பேச்சு போதாது. நியமனக் கடிதம் வேண்டும். இரண்டு மாதங்களின் பின் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு, பணம் கட்டப்படுகின்றதா எனப் பார்க்க வேண்டும். சம்பளத் துண்டில் கழித்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. அப்படியானால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

மேலாளர் எப்படிப்பட்டவர்?

அவரிடம் பேசி இதை அறிய முடியாது. அங்கே வேலையை விட்டு வந்த இருவரைத் தேடிக் கேளுங்கள். சம்பளம் சொன்ன திகதியில் வந்ததா? சுகவீனத்துக்கு லீவு கேட்டபோது என்ன சொன்னார்? பிழை விட்டால் எல்லோர் முன்னும் ஏசுவாரா, அழைத்துச் சொல்லிக் கொடுப்பாரா? இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். அடையாள அட்டையையோ சான்றிதழின் மூலப் பிரதியையோ வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போக வேண்டாம்.

தொழில் கைக்கு வருமா?

இரண்டு வருடங்களுக்கு முன் சேர்ந்தவர் இன்று என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆலையில் அவர் இன்னும் மூட்டை தூக்கினால் மகனும் அதையே செய்வார். உமி நீக்கும் இரப்பர் உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்து அரிசி உடையாமல் எடுக்கப் பழகியிருந்தால், அது எந்த ஆலையிலும் விலைபோகும் தொழில். வெட்டும் பகுதியிலும் இப்படியே. துணி அடுக்குபவராகவே வைத்திருக்கிறார்களா, வெட்டும் இயந்திரத்தைப் பழக்குகிறார்களா?

எப்படி முடிவு செய்வது?

முதலில் வீட்டின் குறைந்தபட்ச மாதச் செலவை எழுதுங்கள். ஆலையில் வேலை குறைந்த மாதத்தில் 22,000 ரூபாவே வரும். செலவு 30,000 ரூபாவானால் ஆறு மாதமும் கடன்பட நேரிடும். ஆகவே இந்த வீட்டுக்குத் தொழிற்சாலையே பொருந்தும். ஆனால் வேறொருவரின் உழைப்பும் வீட்டில் இருந்து, ஆலையில் இயந்திரம் பழக்குவதாக முதலாளி உறுதி தந்து, பெயரையும் பதிந்தால் ஆலையே நல்லது. மேலாளரைப் பற்றி இருவரும் குறை சொன்னால், சம்பளம் எவ்வளவானாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அங்கே தொழில் பழகும் வரை பிள்ளை நிலைக்கமாட்டார்.