லூபஸ்: ஒன்று ஏற, ஒன்று இறங்கும்

லூபஸ் நோயாளிகளின் இரத்த அறிக்கையில் இரு பரிசோதனைகளை நாங்கள் சேர்த்தே படிக்கிறோம். ஒன்று, உடலின் சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே உருவாகும் ஆன்டி டிஎஸ்-டிஎன்ஏ என்னும் எதிர்ப்பொருள். மற்றொன்று, சி3, சி4 என்னும் காம்ப்ளிமென்ட் புரதங்கள். நோய் தீவிரமடையும்போது எதிர்ப்பொருள் பெருகி, டிஎன்ஏவுடன் பிணைந்து சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் படிகிறது. அப்படிவுகளின்மீது காம்ப்ளிமென்ட் செலவாகிவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது.

எங்களிடம் வந்த 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று மாதங்களில் சி3 அளவு 104இலிருந்து 61ஆக இறங்கியது, எதிர்ப்பொருளோ மும்மடங்காயிற்று. ஆயினும் அவருக்கு மூட்டுவலிகூட இல்லை. எண்களை மட்டும் கண்டு நாங்கள் ஸ்டீராய்டைக் கூட்டவில்லை. இவை மாறியிருந்தும் ஆண்டுக்கணக்கில் நோய் அடங்கியே இருப்பவர்கள் உண்டு. ஆனால் சிறுநீரை மாதந்தோறும் பரிசோதித்தோம். இரண்டாம் மாதம் அதில் வெளியேறிய புரதம் நாளொன்றுக்கு 1 கிராமைத் தாண்டியது. சிறுநீரகத் திசுப் பரிசோதனை லூபஸ் அழற்சியை உறுதிசெய்த பின்னரே மருந்தை மாற்றினோம்.

எதிர்ப்பொருளை அளக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். ஆதலால் இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்து, பழைய அறிக்கைகளையும் உடன் கொண்டுவாருங்கள்.