மருந்து அலமாரியின் படத்தில் இன்ஹேலர், ஸ்பேசர், நெபுலைசர் ஆகியவற்றை இனங்காணுதல்

ஆஸ்துமா உள்ள தாய்க்கு நள்ளிரவில் மூச்சிரைப்பு ஏற்படுகிறது. உடனிருப்பவர் அலமாரியைப் படமெடுத்து, வெளியூரில் உள்ள மகளுக்கு அனுப்பி, “எதைக் கொடுப்பது?” என்று கேட்கிறார். படத்தில் நீல நிற இன்ஹேலர் ஒன்றும் பழுப்பு நிற இன்ஹேலர் ஒன்றும் உள்ளன. அருகில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடுவை, மாத்திரைக் குப்பி போன்ற ஒரு புட்டி, குழாய் பொருத்திய சிறிய மின்கருவி ஆகியவையும் காணப்படுகின்றன.

இவற்றுள் குடுவையும் மின்கருவியும் மருந்துகள் அல்ல. குடுவை என்பது ஸ்பேசர். அதன் ஒரு முனையில் இன்ஹேலரைப் பொருத்தும் துளையும், மறுமுனையில் வாய்ப்பகுதியோ முகமூடியோ இருக்கும். இன்ஹேலரிலிருந்து வேகமாக வெளிவரும் மருந்து தொண்டையில் படிந்துவிடாமல், குடுவைக்குள் தங்கி, மூச்சுடன் நுரையீரலைச் சென்றடைய இது உதவுகிறது. மின்கருவி நெபுலைசர் ஆகும். அதன் கிண்ணத்தில் ஊற்றப்படும் திரவ மருந்தை அது நுண்துளிப் புகையாக மாற்றுகிறது. ஊற்றுவது எதுவோ அதுவே நோயாளிக்குக் கிடைக்கும். ஒரே அளவிலான சிறு பிளாஸ்டிக் குப்பிகளுள் ஒன்றில் சால்பியூட்டமாலும் மற்றொன்றில் பியூடிசோனைடும் இருக்கக்கூடும்; ஆகவே குப்பியின் மேலுள்ள பெயரைப் படித்த பின்னரே திறத்தல் வேண்டும்.

மாத்திரைக் குப்பி போன்ற புட்டியில் இருப்பவை விழுங்கும் மாத்திரைகள் அல்ல. அவை உலர்தூள் இன்ஹேலருக்கான கேப்ஸ்யூல்கள். கருவிக்குள் இட்டு உடைத்து, வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்சினால் மட்டுமே தூள் நுரையீரலை அடையும். கடும் மூச்சுத்திணறலின்போது அவ்வாறு உறிஞ்சுவது பலருக்கு இயலாது. இக்கருவியை ஸ்பேசருடன் இணைத்தலும் கூடாது.

எஞ்சியவை இரு இன்ஹேலர்கள். வடிவம் ஒன்றே, பணி வேறு. சால்பியூட்டமால், சுருங்கிய மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்திச் சில நிமிடங்களில் நிவாரணம் தருகிறது. பியூடிசோனைடு மூச்சுக்குழாயின் அழற்சியை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணிக்கிறது. தனியாக உள்ள பியூடிசோனைடு அந்த இரவின் இரைப்பை நிறுத்தாது. நீலம் நிவாரணி, பழுப்பு தடுப்பு மருந்து என்னும் வழக்கம் பரவலாக உண்டு. எனினும் நிறத்தை மட்டும் நம்புதல் பாதுகாப்பானதன்று. பியூடிசோனைடுடன் ஃபார்மோட்டிரால் சேர்ந்த இன்ஹேலரைச் சிலருக்கு மருத்துவர் இரு பணிகளுக்கும் பரிந்துரைத்திருப்பார். எனவே மகள் கேட்க வேண்டியது, “பெயர் தெரியுமாறு திருப்பி, மீண்டும் படமெடுங்கள்” என்பதே.

நீல இன்ஹேலரில் “சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம்” என்றிருப்பதாகக் கொள்வோம். அது ஓர் அழுத்தத்தில் வெளிவரும் அளவு. மருத்துவர் எழுதித் தந்த அவசரத் திட்டம் இருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும். இல்லையெனில், நோயாளியை நிமிர்ந்து அமரச் செய்து, இன்ஹேலரை நன்கு குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, 4 முதல் 6 முறை இயல்பாக மூச்சு விடச் செய்யலாம். இவ்வாறு ஒவ்வொன்றாக 4 அழுத்தங்கள் தரலாம். ஒரே நேரத்தில் பலமுறை அழுத்தினால் மருந்து குடுவையின் சுவரில் படிந்து வீணாகும். நெபுலைசர்தான் வலிமையானது என்று பலர் கருதுகின்றனர். மிதமான இரைப்பிற்கு ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலர் அதற்கு இணையாகவே பயன்படுகிறது, மின்சாரமும் தேவையில்லை. ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாவிட்டாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ, மருந்துக்குப் பின்னும் குறையாவிட்டாலோ, காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

படத்தில் தெரியாத ஒன்று உண்டு: இன்ஹேலரில் மருந்து மீதமுள்ளதா என்பது. மருந்து தீர்ந்த பின்னரும் உந்துவாயு சிறிது நேரம் வெளிவரும். ஒலியும் புகையும் இருப்பதால் மருந்து சென்றதாகவே நோயாளி எண்ணுவார். நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கமும் நம்பத்தக்கதன்று. எண்ணிக்கை காட்டி இருந்தால் அதைப் பார்க்கலாம். இல்லாதபோது கணக்கிட வேண்டும். பழுப்பு இன்ஹேலர் 200 அழுத்தங்கள் கொண்டது, காலையும் மாலையும் 2 அழுத்தங்கள் எனில், 50 நாட்களில் தீரும். திறந்த தேதியை அதன் மீதே எழுதி வைக்கலாம். அவ்வப்போது மட்டும் பயன்படும் நீல இன்ஹேலருக்கு இக்கணக்கு பொருந்தாது. ஒவ்வோர் அழுத்தத்தையும் ஒரு தாளில் குறித்து வர வேண்டும். எண்ணிக்கை தெரியாத பழைய நிவாரணியை மட்டும் நம்பியிராமல் புதியது ஒன்றையும் வைத்திருத்தல் வேண்டும்.

படத்தில் ஸ்பேசரின் உட்புறம் வெண்படலம் தெரிந்தால், அதனை இளஞ்சூட்டு நீரிலும் சிறிது சோப்பிலும் கழுவித் தானாக உலர விட வேண்டும். துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.